பூண்டு விதைத்த தாலாட்டு

வங்கிப் பணியில் ஊர் மாறுவது வழக்கம். அவ்வாறு மாறிச் சென்ற ஊர்களுள் ஒன்று மேற்கு வங்கத்தின் பர்த்தமான். நெல் விளையும் பூமி. கிளையின் கடன் ஏடுகளில் பாதிக்கு மேல் பயிர்க் கடன்களே. அங்கு நாம் பணியாற்றிய இரண்டாம் ஆண்டில், ஊழியர் குடும்பங்களின் ஆண்டு விழாவுக்கு ஒரு சிறு நிகழ்ச்சி திட்டமிடப்பட்டது. கிளையில் பணிபுரிவோரின் தாய்மொழிகள் நான்கு. ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு தாலாட்டைக் குழந்தைகள் மேடையில் பாட வேண்டும் என்பதே ஏற்பாடு.

தமிழுக்கும் இந்திக்கும் ஒடியாவுக்கும் பாட்டைத் தேர்ந்தெடுப்பது எளிதாக முடிந்தது. வங்காளிகள் மிகுந்த அந்தக் கிளையில் சிக்கல் எழுந்தது வங்காளிப் பாட்டில்தான். எந்தப் பாட்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எல்லோரும் ஒரே பாட்டையே சொன்னார்கள். அந்தப் பாட்டில் எந்த வடிவம் என்பதில்தான் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. மொழி தெரிந்தும் கட்சி சேராதவர் என்ற காரணத்தால் தீர்ப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. வணிகவியல் படித்த நமக்கு இசையில் பெரும் புலமை கிடையாது. ஆயினும் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்து வேறுபாட்டைக் கண்டறிவது நம் தொழில். அந்த முறையையே இங்கும் கையாண்டோம்.

முதலில் பாட்டின் பொருளைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை உறங்கிவிட்டது, தெரு அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் நாட்டுக்குள் பர்கிகள் வந்துவிட்டார்கள். நெல்லைப் புல்புல் பறவை தின்றுவிட்டது. இனி வரியை எதைக் கொண்டு செலுத்துவது என்று தாய் கேட்கிறாள். உறங்க வைக்கும் பாட்டில் கொள்ளையும் வரிப் பாக்கியும் வருவது நமக்கு வியப்பாக இருக்கலாம். வங்காளத் தாய்மார்கள் இதைப் பாடித்தான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உறங்க வைத்திருக்கிறார்கள்.

பர்கிகள் என்போர் மராட்டியக் குதிரை வீரர்கள். மராட்டியப் படையில் சொந்தக் குதிரையோடு வருபவன் சிலேதார்; அரசின் குதிரையையும் ஆயுதத்தையும் பெற்றுப் போரிடுபவன் பார்கிர். அந்தப் பார்கிர் என்னும் சொல்தான் வங்காளிகளின் வாயில் பர்கி ஆயிற்று. நாகபுரியின் ரகோஜி போன்ஸ்லே அனுப்பிய படை, பாஸ்கர பண்டிதரின் தலைமையில் 1742இல் பர்த்தமான் பகுதிக்குள் நுழைந்தது. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் படையெடுப்புகள் தொடர்ந்தன. நவாப் அலிவர்தி கான் 1751இல் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் சௌத் வரியாகத் தர ஒப்புக்கொண்டார். ஒடிசாவின் வருவாயும் மராட்டியர் கைக்குச் சென்றது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் தற்காப்புக்காக வெட்டிய அகழிக்கு 'மராட்டா அகழி' என்றே பெயர் நின்றது. படை வந்தபோது பயிர் போயிற்று. அதைத் தடுக்க ஆன செலவோ ஜமீன்தார்களின் மேல் புதிய மேல்வரியாக விழுந்து, அவர்கள் வழியே உழவனின் தலையில் இறங்கியது. தாலாட்டில் பர்கியும் வரியும் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

இனி நாம் செய்த ஒப்பீட்டுக்கு வருவோம்.

இத்தகைய பாட்டுகளைச் சேகரிப்பதில் முதல் விதி, பாடுபவருக்கு முன்னதாக எந்த வடிவத்தையும் காட்டக்கூடாது என்பது. எழுதிய தாளை நீட்டி 'இப்படித்தானே?' என்று கேட்டால், பாதிப் பேர் 'ஆம்' என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாம் விதி, சொல்லச் சொல்லாமல் பாடச் சொல்ல வேண்டும். வெறுமனே சொல்லும்போது மனம் பள்ளிப் புத்தகத்தை நாடுகிறது. பாடும்போது நாக்கு, தாயிடம் கேட்டதைத் தேடி எடுக்கிறது. மூன்றாம் விதி, பாடுபவர் இப்போது வசிக்கும் ஊரைக் குறித்துக்கொள்வதால் பயனில்லை. பாட்டை எங்கே, யாரிடம் கற்றார் என்பதையே குறிக்க வேண்டும். மாற்றலாகி வாழும் நம் போன்றோரிடம் இது மிக முக்கியம்.

ஆறு பேரைப் பாடச் செய்தோம். பர்த்தமான் நகரிலேயே பிறந்த பெண் காசாளர்; பள்ளியில் பயிலும் அவருடைய ஒன்பது வயது மகள்; பீர்பூம் மாவட்டத்துப் பாதுகாவலர்; பிரிவினையின்போது பரிசாலிலிருந்து கல்கத்தா வந்த குடும்பத்தைச் சேர்ந்த எழுத்தர்; மேதினிபூரைச் சேர்ந்த கடன் பிரிவு அலுவலர்; அவருடைய எண்பது வயது கடந்த தாயார். கிளையில் எல்லோரும் அந்த அம்மையாரை மாசிமா என்றே அழைப்பார்கள். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழாதவாறு, உணவு இடைவேளைகளில் தனித்தனியே கைப்பேசியில் பதிவு செய்துகொண்டோம்.

பதிவுகளை வைத்துக்கொண்டு முதலில் தாளத்தைப் பார்த்தோம். வங்காளத்தில் குழந்தைப் பாடல்களைச் 'சடா' என்பார்கள். அவற்றின் யாப்புக்கு ஸ்வரவிருத்தம் என்று பெயர். ஓர் உயிரோசைக்கு ஓர் எண்ணிக்கை. நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு சீர். முதல் ஓசையில் அழுத்தம். ஓர் அடியில் அத்தகைய சீர்கள் மூன்று வந்து, நான்காவதாக ஒன்றோ இரண்டோ ஓசையுள்ள சிறு வால் நிற்கும். கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எண்ணினால், ஒவ்வொரு சீரின் முதல் ஓசையிலும் தொட்டில் ஒரு பக்கம் சென்று நிற்பதை உணரலாம்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், எந்தச் சொல் மாறக்கூடும், எது மாறாது என்பது விளங்கிவிடும். ஆறு பேரிலும் குழந்தையைக் குறிக்கும் சொல் இரண்டு விதமாக வந்தது. சிலர் சிறு பையன் என்னும் பொருளில் 'கோக்கா' என்றார்கள். சிலர் பிள்ளை என்னும் பொருளில் 'சேலே' என்றார்கள். இரண்டுக்கும் இரண்டே ஓசை. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று தாளம் தட்டாமல் அமர்ந்துகொள்கிறது. பெண் குழந்தையானால் 'குக்கு' என்று மாற்றிப் பாடுவதும் இதனால்தான் எளிதாகிறது. உறங்கியது என்னும் வினைச்சொல்லும் அப்படியே. அச்சில் மூன்று ஓசையோடு 'குமாலோ' என்றிருக்கும் அதை மாசிமாவும் பாதுகாவலரும் 'கும்லோ' என்று இரண்டு ஓசையாகவே பாடினார்கள். சீருக்கு நான்கு என்னும் கணக்கு அப்போதுதான் சரியாக வருகிறது. பள்ளிச் சிறுமி மூன்று ஓசையையும் முழுதாக உச்சரித்து, அவற்றை நெருக்கித் தாளத்துக்குள் அடக்கினாள். புத்தகத்திலிருந்து வந்த வடிவம் எது, வாய்வழி வந்த வடிவம் எது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

பறவையோ ஆறு பேரிலும் மாறவில்லை. எல்லோருக்கும் அது புல்புல்தான். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கிளைக்கு வந்திருந்த உழவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "புல்புல் எங்கே பாபு நெல் தின்கிறது? அது பழமும் பூச்சியும் தின்னும். நெல் தின்பது முனியாவும் கிளியும் சிட்டுக்குருவியும்தான்" என்றார். அவர் சொன்னது சரி. பொருளால் தவறான பறவை இத்தனை காலம் பாட்டில் நிலைத்ததற்கு, தாளம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேற்றுமை உருபோடு சேர்த்து புல்-பு-லி-தே என்று எண்ணினால் மிகச் சரியாக நான்கு ஓசை, ஒரு முழுச் சீர். சிட்டுக்குருவியையோ கிளியையோ அங்கே வைத்தால் ஓசை குறைந்து தொட்டில் தடுமாறும். இடத்துக்குப் பொருந்தும் சொல், பொருளுக்குப் பொருந்தும் சொல்லை வென்றுவிட்டது.

அடுத்து மெட்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில் பாடுவதால் பதிவுகளை அப்படியே ஒப்பிட இயலாது. ஹங்கேரிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிய பேலா பார்டோக், எல்லா மெட்டுகளையும் ஒரே சுரத்தில் முடியும்படி மாற்றி எழுதிக்கொண்டு, அதன் பின்னரே ஒப்பிட்டார். வெவ்வேறு நாணயத்தில் உள்ள கணக்குகளை ரூபாய்க்கு மாற்றிக்கொண்டு கூட்டுவது போன்ற முறை இது. நாமும் ஒவ்வொருவரின் பாட்டும் வந்து ஓயும் சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டோம். பிறகு எல்லாச் சுரங்களையும் எழுதாமல், சீர்களின் தலைச் சுரத்தை மட்டும் எழுதினோம். இடையில் வரும் சுரங்களைத் தாய்மார்கள் நாள்தோறும் மாற்றுகிறார்கள். ஒரே பெண்மணி இருமுறை பாடினாலும் அவை ஒத்திருப்பதில்லை. அழுத்தம் விழும் தலைச் சுரம் அவ்வளவு எளிதில் அசைவதில்லை.

முதலடியை இவ்வாறு எழுதியபோது, காசாளர் பாடியது க, க, ரி, ச. பாதுகாவலர் பாடியது க, ரி, ரி, ச. மாசிமா பாடியது ச, ரி, ரி, ச. சிறுமி பாடியது ப, ம, ரி, ச. கேட்கும்போது நான்கும் வேறு வேறு பாட்டாகவே ஒலித்தன. சிறுமியின் பாட்டு உயரத்தில் தொடங்கி, ஒலிப்பதிவில் கேட்டுப் பழகியதைப் போல அலங்காரமாக இருந்தது. மாசிமாவின் பாட்டோ மூன்று சுரங்களுக்குள் அடங்கிய முணுமுணுப்பு. தாளில் அடுக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. தொடக்கம் எப்படியிருந்தாலும், அடியின் பின்பாதி நால்வரிடமும் ரிஷபத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்குகிறது. எழுத்தரும் கடன் அலுவலரும் பாடியவற்றிலும் அவ்வாறே. ஆகவே இவை ஆறு மெட்டுகள் அல்ல; தலையில் மட்டும் வேறுபடும் ஒரே மெட்டு.

இனி எண்ணிக்கை. ஆறு பேர் பாடினார்கள் என்பதற்காக ஆறு சான்றுகள் என்று கொள்ளலாகாது. காசாளரும் அவர் மகளும் ஒரு வீடு. கடன் அலுவலரும் அவர் தாயாரும் ஒரு வீடு. ஒரே குடும்பத்தின் இரண்டு கணக்குகளை இரண்டு வாடிக்கையாளர்களாக எண்ணினால் ஏடு பொய் சொல்லும். உண்மையில் நம்மிடம் இருந்தவை நான்கு வழிகளே. நான்கைக் கொண்டு வங்காளம் முழுவதையும் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பதை விழாக் குழுவிடம் முதலிலேயே தெரிவித்தோம். ஒரு கிளையின் மேடைக்கு அது போதுமானது.

ஆனால் ஒரே வீட்டினரை ஒப்பிடுவதில் வேறொரு பயன் கிடைத்தது. மாசிமா 'சேலே' என்று பாட, அவர் மகன் 'கோக்கா' என்று பாடினார். "அம்மாவிடம் கேட்டு வளர்ந்த நீங்கள் ஏன் மாற்றிக்கொண்டீர்கள்?" என்று கேட்டதும் அவர் திகைத்துப் போனார். மாறியதே அவருக்குத் தெரியவில்லை. பள்ளியில் சேர்ந்த பிறகு புத்தகச் சொல் வீட்டுச் சொல்லின் மேல் வந்து அமர்ந்துவிட்டது. வங்காளக் குழந்தைப் பாடல்கள் அச்சேறத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. ஜோகீந்திரநாத் சர்க்கார் தொகுத்த 'குக்குமணிர் சடா' 1899இல் வெளிவந்தது. அச்சில் ஒரு வடிவம் நிலைத்துவிட்டால், அது எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவாகிறது; பக்கத்து ஊரின் வடிவம் அந்த ஊர்ப் பாட்டிமாரோடு நின்றுவிடுகிறது.

மிகப் பெரிய வேறுபாடு பாட்டின் முடிவில் இருந்தது. காசாளர், அவர் மகள், பாதுகாவலர் ஆகிய மூவரும் வரியை எதைக் கொண்டு செலுத்துவது என்ற கேள்வியோடு நிறுத்திவிட்டார்கள். எழுத்தரும் மாசிமாவும் நிறுத்தவில்லை. அவர்களுடைய பாட்டில் மேலும் இரண்டடிகள் வந்தன. நெல்லும் தீர்ந்தது, வெற்றிலையும் தீர்ந்தது, வரிக்கு என்ன வழி என்று அதே கேள்வி மீண்டும் எழுகிறது; இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பூண்டு விதைத்திருக்கிறேன் என்று விடையும் வருகிறது. கடன் அலுவலரோ, இந்த அடிகளை அம்மா பாடியதும், "ஆமாம், இது இருந்தது, மறந்தே போனேன்" என்றார்.

இந்தப் பூண்டு அடிகளைச் சற்று நின்று ஆராய்ந்தோம். முதலிரண்டு அடிகளின் வாலில் இரண்டு ஓசை. பூண்டு அடிகளின் வாலில் ஒரே ஓசை. கேள்வியும் இருமுறை வருகிறது. இவற்றைக் கொண்டு பார்த்தால், தனியே வழங்கிய இரண்டு துணுக்குகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. அதே வேளையில், மேதினிபூர் வங்காளத்தின் தென்மேற்கு முனை. பரிசால் தென்கிழக்குக் கழிமுகம், இன்று வங்கதேசத்தில் உள்ளது. இடையில் அத்தனை ஆறுகள். பர்கிகளின் குதிரைகள் பெரும்பாலும் பாகீரதியின் மேற்குப் பக்கத்திலேயே சூறையாடின. ஆனால் அவர்களைப் பற்றிய பாட்டு பரிசால் வரை சென்றிருக்கிறது. இவ்வளவு தொலைவிலுள்ள இரண்டு ஊர்களும் ஒரே பூண்டைத் தனித்தனியே கற்பனை செய்திருக்க முடியாது. மாசிமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் அவர் புத்தகத்தைப் பார்த்துக் கற்றிருக்க வழியில்லை. படித்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம் என்ற ஐயம் மட்டும் எஞ்சுகிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, மிகப் பலர் அறிந்த வடிவம் எது என்பதில் தடையில்லை. கோக்கா என்று தொடங்கி, புல்புல் நெல்லைத் தின்ன, வரியைப் பற்றிய கேள்வியோடு முடிகிற வடிவமே அது. அதன் சொற்களைப் பூண்டு பாடியவர்களும் அறிந்திருந்தார்கள். பூண்டு அடிகளையோ மற்றவர்கள் அறிந்திருக்கவில்லை. ஒரு வடிவத்தை எல்லாக் கட்சியினரும் அறிந்திருக்கிறார்களா என்பதே நாம் கண்ட எளிய உரைகல். ஆனால் பரவலாகத் தெரிந்தது என்பதால் அது பழையது என்றோ, சரியானது என்றோ ஆகிவிடாது. ரவீந்திரநாத் தாகூர் 1890களில் இத்தகைய சடாக்களைத் திரட்டியபோது, ஒரே பாட்டின் பல பாடங்கள் கிடைத்தால் ஒன்றையும் தள்ளாமல் அடுத்தடுத்துப் பதிப்பித்தார். இவற்றில் தூய பாடம், மூல பாடம் என்று ஒன்றைத் தீர்மானிக்க வழியும் இல்லை, தேவையும் இல்லை என்பது அவருடைய கருத்து.

நம் முடிவைக் கடன் பிரிவு அறையில் அறிவித்தபோது மாசிமாவும் இருந்தார். மறுக்கவில்லை, சற்று நேரம் கழித்து மகனிடம் மெல்லச் சொன்னார்: "வரிக்கு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு நிறுத்தினால் பிள்ளை எப்படியடா உறங்கும்? பதில் சொன்னால்தானே உறங்கும்."

பிறகு அவர் தம் சிறுவயதைச் சொன்னார். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1953இல் வருவதற்கு முன்னைய காலம் அது. தந்தையார் ஜமீன் கச்சேரிக்குச் சென்று தவணை கேட்டுத் திரும்பும் இரவுகளில், தாயார் இந்தப் பாட்டைத்தான் பாடுவாராம். வீட்டுக்குப் பின்னால் உண்மையிலேயே பூண்டுப் பாத்தி இருந்ததாம். மழைக்கால நெல்லின் அறுவடையை ஒட்டிய குளிர்காலத் தொடக்கத்தில் பூண்டை நட்டால், நான்கைந்து மாதத்தில் கோடையின் வாயிலில் பிடுங்கலாம். நெல் பொய்த்த வீட்டுக்குக் காசு தரும் அடுத்த பயிர் அது. அந்த இரண்டடிகளைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அவை வெறும் சந்தமல்ல. வீட்டின் வரவு செலவு.

எங்கள் மேசையின்மேல் அன்று கிடந்த கோப்புகளும் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தன. இயற்கைச் சீற்றத்தால் பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால், கடனைத் திருத்தியமைத்துத் தவணையை நீட்டிக்க இன்று ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. அன்றைய உழவனுக்கு விதி கிடையாது. பூண்டைக் காட்டிச் சில நாள் பொறுக்கச் சொல்லும் சொல் மட்டுமே இருந்தது.

நம் தீர்ப்பை மாற்றவில்லை. ஒரு வரி சேர்த்தோம். விழா நாளன்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எல்லோரும் அறிந்த வடிவத்தைப் பாடினார்கள். அவையும் உடன் பாடியது. கேள்வியில் பாட்டு நின்றது. மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த மாசிமா, ஒலிபெருக்கியைக் கையில் வாங்காமலே, மூன்று சுரங்களுக்குள் அந்த இரண்டடிகளைப் பாடினார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது. பாடி முடித்ததும் காசாளரின் மகள் அவரருகே சென்று, இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டு, விழா முடிவதற்குள் மனப்பாடம் செய்துகொண்டாள். நாம் மேதினிபூருக்கும் பரிசாலுக்கும் எதிரே எழுதி வைத்திருந்த பட்டியலில், அன்றிரவு பர்த்தமானையும் சேர்க்க வேண்டியதாயிற்று.